சின்ன மொழிச் செயலிக்கு எதை முதலில் திருத்துவது: தலைப்பா, விளக்கமா, ஸ்கிரீன்ஷாட்டா?

தமிழ் வழியாக ஜெர்மன் கற்பிக்கும் ஒரு சிறு செயலியை எடுத்துக்கொள்வோம். பேச்சுக்கு அதன் பெயர் ‘வாசல்’. ஆண்ட்ராய்டில் மட்டும் இருக்கிறது. ஏ1 என்னும் தொடக்க நிலைப் பாடங்கள்தான் இப்போதைக்குத் தயார். ஜெர்மனிக்கு வேலைக்குப் போக நினைக்கும் செவிலியர்கள், மேற்படிப்புக்குத் தயாராகும் மாணவர்கள், அங்கே இருக்கும் கணவரிடமோ மனைவியிடமோ போய்ச் சேர ஏ1 சான்றிதழ் தேவைப்படுகிறவர்கள் ஆகியோருக்காக எழுதப்பட்டது. பிளே ஸ்டோரில் அதன் பக்கத்துக்கு ஒரு நாளைக்கு 60 பேர் வருகிறார்கள், அவர்களில் 15 பேர் நிறுவுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதாவது நூற்றுக்கு 25 பேர்.

இதைச் செய்தவர் ஒருவர்தான். விளம்பரத்துக்குப் பணம் இல்லை. மாலை நேரங்களில் ஒரு மாதம் ஒதுக்க முடியும். அந்த ஒரு மாதத்தை எதில் செலவிடுவது? தேடலில் முன்னே வருவதற்காகத் தலைப்பையும் விளக்கத்தையும் திருத்தி எழுதலாம். ஸ்கிரீன்ஷாட்டுகளைப் புதிதாகச் செய்யலாம். பிளே ஸ்டோரில் தமிழுக்கென்று தனிப் பக்கம் திறக்கலாம். மூன்றையும் அரைகுறையாகச் செய்வதுதான் இயல்பாக நடப்பது. என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தலைப்பை ஒரே ஒருமுறை ஒழுங்காக எழுதி அப்படியே விட்டுவிடுங்கள், மீதி உழைப்பில் பெரும்பகுதியை முதல் இரண்டு ஸ்கிரீன்ஷாட்டுகளில் போடுங்கள், தனித் தமிழ்ப் பக்கத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழ்ப் பக்கத்தைக் கடைசிக்குத் தள்ளுவது பலருக்கு உறுத்தும். தமிழ் வழிச் செயலிக்குத் தமிழ்ப் பக்கம்தானே முதலில் வேண்டும்? இங்கே பிளே ஸ்டோர் எப்படி இயங்குகிறது என்பதைப் பார்க்க வேண்டும். எந்த மொழிப் பக்கத்தைக் காட்டுவது என்பதை அது கைப்பேசியின் மொழி அமைப்பைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறது. வாட்ஸ்அப்பில் நாள் முழுக்கத் தமிழில் எழுதுகிறவர்களில் பலரும் கைப்பேசியின் அமைப்பை ஆங்கிலத்திலேயே வைத்திருக்கிறார்கள். நீங்கள் அழகாக எழுதிய தமிழ்ப் பக்கம் அவர்கள் கண்ணில் படவே படாது. அவர்களுக்கு ஆங்கிலப் பக்கம்தான் வரும். பிளே கன்சோலில் பக்கத்துக்கு வருகிறவர்களை மொழிவாரியாகப் பிரித்துப் பார்க்க முடியும். வருகிறவர்களில் தமிழ் அமைப்பு வைத்திருப்பவர்கள் எத்தனை பேர் என்று பார்த்துவிட்டு, தனிப் பக்கத்துக்கு எவ்வளவு நேரம் தகும் என்பதை முடிவு செய்யுங்கள்.

நான் பரிந்துரைக்கும் வழி, ஆங்கிலப் பக்கத்திலேயே தமிழைக் கொண்டுவருவது. தலைப்பும் விளக்கமும் ஆங்கிலத்தில் இருக்கட்டும். ஸ்கிரீன்ஷாட்டுகளின் மேலே வரும் வாசகம் தமிழில் இருக்கட்டும். ஆங்கிலப் பக்கத்துக்குத் தமிழ் எழுத்துள்ள படத்தை ஏற்ற எந்தத் தடையும் இல்லை. தமிழ் தெரியாதவர் பார்த்தால் விலகிப் போய்விடுவாரே என்று கேட்கலாம். போகட்டும். பாடம் முழுவதும் தமிழில் இருக்கும் செயலியை அவர் நிறுவினாலும் பத்து நிமிடத்தில் நீக்கப் போகிறார், போகும்போது ஒரு நட்சத்திரமும் போட்டுவிட்டுப் போவார். தமிழ் பேசத் தெரிந்து, படிக்கத் தெரியாத வெளிநாட்டுப் பிள்ளைகள் ஆங்கிலம் வழியாகவே ஜெர்மன் படிப்பார்கள்; அவர்கள் நம் பயனர்கள் அல்லர்.

இனி ஸ்கிரீன்ஷாட். கைப்பேசிக்கென்று எட்டு வரை ஏற்றலாம். ஆனால் பக்கத்தைத் திறந்ததும் நீள்வாக்கில் உள்ள படங்களில் இரண்டோ மூன்றோதான் கண்ணுக்குத் தெரியும். மற்றவற்றைப் பார்க்க விரலால் தள்ள வேண்டும். ஆகவே முதல் இரண்டு இடங்களில் எதை வைப்பது என்பதே முக்கியமான முடிவு. பொதுவாக மூன்று பாணிகளைப் பார்க்கிறேன்.

முதல் பாணி, செயலியின் முகப்புத் திரை: பாடப் பட்டியல், முன்னேற்றப் பட்டை, ஒரு பொம்மை. பெரும்பாலான சிறு செயலிகளில் இதுதான் முதல் படம். செய்தவருக்கு அது பிரியமான திரை. ஆனால் பார்ப்பவருக்கு அது எந்தச் செய்தியையும் சொல்வதில்லை. எந்த மொழிச் செயலியின் முகப்பும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்.

இரண்டாம் பாணி, வாக்குறுதி: வெள்ளைச் சீருடையில் சிரிக்கும் செவிலியர், பின்னால் ஜெர்மன் கொடி, ‘30 நாளில் சரளமாகப் பேசுங்கள்’ என்ற பெரிய எழுத்து. இது நிறுவல் எண்ணிக்கையைக் கூட்டலாம், மறுக்கவில்லை. ஆனால் உள்ளே இருப்பது ஏ1 பாடம் மட்டும். செவிலியராகப் பதிவு பெற வழக்கமாகக் கேட்கப்படுவது அதைவிடப் பல படி மேலே உள்ள பி2 நிலை. அதை எதிர்பார்த்து நிறுவியவர் அன்றைக்கே நீக்கிவிடுவார். அதுபோக, ஸ்கிரீன்ஷாட் என்பது செயலியின் உள்ளே இருப்பதைக் காட்ட வேண்டும் என்பதுதான் கூகுளின் வழிகாட்டுதல். படத்தின் மேல் எழுதும் வாசகம் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது, ‘உடனே பதிவிறக்குங்கள்’ போன்ற அழைப்புகள் வேண்டாம் என்றும் அது சொல்கிறது.

மூன்றாம் பாணி, பாடத்தின் நடுவே ஒரு கணம். இதைத்தான் தேர்ந்தெடுக்கச் சொல்வேன். ஆனால் எந்தக் கணம் என்பதில் கவனம் வேண்டும். ஜெர்மன் வகுப்பில் சேர்ந்த தமிழர் எவரும் முதல் வாரத்திலேயே முட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. `der Tisch`, `die Lampe`, `das Buch`: மேசை ஆண்பால், விளக்கு பெண்பால், புத்தகம் இரண்டும் இல்லாத மூன்றாம் பால். தமிழில் மூன்றுமே அஃறிணை. பொருளைப் பார்த்தால் பால் தெரிந்துவிடும். ஜெர்மனில் அப்படித் தெரியாது, சொல்லோடு சேர்த்தே மனப்பாடம் செய்ய வேண்டும். இந்தப் பாடத்தின் திரையை, அடியில் உள்ள தமிழ் விளக்கத்தோடு முதல் படமாக வையுங்கள். மேலே இரண்டே வரி: ‘`der, die, das`’ என்று ஒன்று, ‘தமிழில் விளக்கம்’ என்று ஒன்று. இதே சிக்கலோடு தேட வந்தவருக்கு, தன் பாடப்புத்தகத்தின் பக்கம் ஒன்றைத் தமிழில் பார்ப்பது போல் இருக்கும். ஜெர்மன் கற்பிக்கும் செயலிகள் எத்தனையோ உண்டு. தமிழில் காரணம் சொல்லித் தருவதுதான் இந்தச் செயலியின் தனித்தன்மை. அது முதல் படத்திலேயே தெரிய வேண்டும்.

இரண்டாம் படத்துக்குத் தேர்வை எடுக்கலாம். கோத்தே நிலையத்தின் ஏ1 தேர்வில் பேச்சுப் பகுதி தன்னறிமுகத்தோடு தொடங்குகிறது. மேசையில் ஒரு தாள் இருக்கும். அதில் `Name? Alter? Land? Wohnort? Sprachen? Beruf? Hobby?` என்று ஏழு சொற்கள். அவற்றைப் பார்த்துத் தேர்வு எழுதுகிறவர் தன்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். சென்னையில் அந்த நிலையத்தின் கிளையான மேக்ஸ் முல்லர் பவன் பக்கம் போனவர்களுக்கும், தனியார் வகுப்புகளில் மாதிரித் தேர்வு எழுதியவர்களுக்கும் இந்த ஏழு சொற்கள் தூக்கத்திலும் தெரியும். உங்கள் செயலியில் இதற்குப் பயிற்சி இருந்தால், அந்த ஏழு சொற்களும் கீழே ஒலிப்பதிவுப் பொத்தானும் தெரியும் திரையைப் படமெடுங்கள். வாசகம் ‘பேச்சுத் தேர்வு’, அடுத்த வரியில் ‘பேசிப் பழகலாம்’. பயிற்சி இல்லையென்றால் படமும் வேண்டாம். முதலில் பயிற்சியைச் சேருங்கள். இன்னொன்று: தேர்வு நடத்தும் நிறுவனத்தின் சின்னத்தையோ பெயரையோ படத்திலும் தலைப்பிலும் போட்டு, அவர்களே வெளியிட்டது போன்ற தோற்றத்தை உண்டாக்காதீர்கள். அதற்காகவே செயலி நீக்கப்படலாம்.

படம் நன்றாக இருந்தும் எழுத்து படிக்க முடியாமல் போவது தமிழில் அடிக்கடி நடக்கிறது. கணக்கு எளிது. 1080 புள்ளி அகலத்தில் செய்த படம் ஸ்டோர் பக்கத்தில் ஏறக்குறைய இரண்டே கால் சென்டிமீட்டர் அகலத்துக்குச் சுருங்குகிறது. அப்படியானால் ஒரு மில்லிமீட்டருக்குள் சுமார் 50 புள்ளிகள். 50 புள்ளி உயரத்தில் நீங்கள் எழுதிய ‘விளக்கம்’ ஒரு மில்லிமீட்டர் உயரத்தில் தெரியும். ‘ள’வும் ‘ன’வும் ஒன்றாகக் கலந்துவிடும். குறைந்தது 100 புள்ளி வேண்டும். அந்த அளவில், தமிழ் எழுத்துகளின் அகலத்துக்கு, ஒரு வரியில் பத்து எழுத்துக்கு மேல் இடமில்லை. 1920 புள்ளி உயரமுள்ள படத்தில் ஐந்தில் ஒரு பங்கு என்பது 384 புள்ளி. இரண்டு வரிகள் தாராளமாக அமையும், மூன்றாவது வரி நெருக்கும். ‘பேச்சுத் தேர்வு’, ‘தமிழில் விளக்கம்’ என்று குட்டையாக எழுதச் சொன்னதற்கு இதுதான் காரணம். ‘எங்கள் செயலியின் மூலம் எளிமையாகக் கற்றுக்கொள்ளுங்கள்’ என்று ஆங்கில வாசகத்தை மொழிபெயர்த்துப் போட்டால் குறைந்தது மூன்று வரிக்கு ஓடும்.

திரையை முழுதாகச் சுருக்கி வைக்காமல், தேவையான பகுதியை மட்டும் பெரிதாக்கிக் காட்டலாம். மேலே உள்ள பட்டையில் பேட்டரி அளவும் பிற செயலிகளின் அறிவிப்புகளும் தெரியாமல் துப்புரவாக்கிவிடுங்கள். படம் செய்யும் மென்பொருளில் கொம்பும் காலும் இடம் மாறுகின்றனவா என்றும் பாருங்கள்: ‘பொருள்’ என்று தட்டினால் கொம்பு பகரத்துக்குப் பின்னால் போய் நிற்கும், அல்லது புள்ளி வட்டம் ஒன்று முளைக்கும். மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான எழுத்தமைப்பை இயக்கினால் பெரும்பாலும் சரியாகும். ஏற்றுவதற்கு முன் உங்கள் கைப்பேசியில் அதே அளவுக்குச் சுருக்கி, தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் ஒரு கை தூரத்தில் காட்டி, வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.

தலைப்புக்கு வருவோம். பிளே ஸ்டோரில் 30 குறிகள்தான் இடம். வெறும் `Vaasal` என்று வைப்பது ஒரு வழி. புகழ்பெற்ற செயலிக்கு அது போதும், யாரும் கேள்விப்படாத செயலிக்குப் போதாது. `Vaasal: Learn German in Tamil` என்பது 29 குறிகள். பெயரும் இருக்கிறது, தேடுகிறவர் தட்டும் சொற்களும் இருக்கின்றன. தமிழர்களும் ஸ்டோரில் பெரும்பாலும் ரோமன் எழுத்தில்தான் தேடுகிறார்கள். எந்தச் சொற்களைத் தேடி உங்கள் பக்கத்துக்கு வந்தார்கள் என்பதைக் கன்சோலிலேயே பார்த்துக்கொள்ளலாம். பின்னால் தமிழ்ப் பக்கம் திறக்கும்போது `வாசல்: தமிழில் ஜெர்மன்` என்று வைக்கலாம். இங்கே ஒரு சிக்கல் உண்டு. ‘ஜெர்மன்’ என்பது நம் கண்ணுக்கு நான்கு எழுத்து, கணினிக்கு ஏழு. கொம்பு ஒன்று, புள்ளி இரண்டு என்று ஒவ்வொன்றும் தனியாக எண்ணப்படும். அந்தத் தமிழ்த் தலைப்பு மொத்தம் 22 குறிகள். இன்னும் எட்டுதான் மிச்சம், அதில் ஒரு சொல் நுழைந்தால் அதிகம். தலைப்பில் ‘இலவசம்’, ‘முதலிடம்’ போன்ற சொற்களும் எமோஜியும் கூடாது என்பது கூகுளின் விதி.

தலைப்பை ஒருமுறை எழுதியபின் தொடாதீர்கள் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. ஸ்டோரின் சோதனைக் கருவியில் ஐகான், படங்கள், விளக்கங்கள் ஆகியவற்றை இரண்டு விதமாக வைத்துப் பார்க்கலாம். தலைப்பை அப்படிப் பார்க்க முடியாது. மாற்றினால் நல்லதா கெட்டதா என்று சுத்தமாக அறிய வழியில்லை, தேடலில் நிற்கும் இடமும் அதோடு சேர்ந்து ஆடும்.

சுருக்க விளக்கத்துக்கு 80 குறிகள். ‘ஜெர்மன் கற்க வேடிக்கையான, எளிய வழி’ என்ற வகை வாசகத்தை விட `German A1 lessons explained in Tamil, with audio. Works offline.` மேல். நிலை என்ன, எந்த மொழியில் விளக்கம், ஒலி உண்டா, இணையம் வேண்டுமா என்ற நான்கு கேள்விக்கும் 64 குறிகளில் பதில் வந்துவிடுகிறது. நீள் விளக்கத்துக்கு 4000 குறிகள் இடம் உண்டு. அதில் ஒரு மாலைக்கு மேல் செலவிட வேண்டாம். பிளே ஸ்டோர் அதையும் தேடலுக்குப் படிக்கிறது, ஆகவே சொல்ல வேண்டியதைத் தெளிவான வாக்கியங்களில் சொல்லுங்கள். ஒரே சொல்லை இருபது முறை அடுக்குவதும், பெயரில்லாப் பயனர்களின் பாராட்டுகளை ஒட்டுவதும் விதிமீறல். எத்தனை பாடம் உண்டு, எது இலவசம், எதற்குப் பணம் என்பதை மறைக்காமல் எழுதுங்கள். ‘எல்லாம் பூட்டியிருக்கிறது’ என்ற விமர்சனம் பெரும்பாலும் இங்கே மறைத்ததால்தான் வருகிறது.

மாற்றியது பலித்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? போன வாரத்தையும் இந்த வாரத்தையும் ஒப்பிடுவதுதான் எல்லோரும் செய்வது, அது நம்பத்தகாதது. ஏன் என்று எண்களோடு பார்ப்போம். முதல் வாரம் தேடல் வழியே 300 பேர் வந்து 60 பேர் நிறுவினார்கள். வெளி இணைப்பு வழியே 100 பேர் வந்து 50 பேர் நிறுவினார்கள். மொத்தம் 400க்கு 110, அதாவது 27.5 விழுக்காடு. அடுத்த வாரம் படங்களை மாற்றினீர்கள். அதே வாரம் யூடியூபில் ஜெர்மன் சொல்லித்தரும் ஒருவர் உங்கள் இணைப்பைக் கொடுத்தார். தேடலில் மறுபடி 300க்கு 60. இணைப்பு வழியே இப்போது 300 பேர், நிறுவியவர்கள் 150. மொத்தம் 600க்கு 210, அதாவது 35 விழுக்காடு. மொத்த எண்ணை மட்டும் பார்த்தால் புதுப் படங்கள் வெற்றி. பிரித்துப் பார்த்தால் இரண்டு வழியிலும் விகிதம் துளியும் மாறவில்லை. ஏற்கெனவே முடிவோடு வந்தவர்கள் கூடியிருக்கிறார்கள், அவ்வளவுதான். ஆகவே கன்சோலில் எப்போதும் தேடல் வழியே வந்தவர்களைத் தனியே பிரித்துப் பாருங்கள்.

இதைவிடச் சரியான வழி ஸ்டோரின் சொந்தச் சோதனை. கன்சோலில் `Store listing experiments` என்று இருக்கும். ஒரே நேரத்தில் வருகிறவர்களில் ஒரு பாதிக்குப் பழைய படங்களையும் மறு பாதிக்குப் புதியவற்றையும் காட்டும். மூன்று மாற்று வடிவங்கள் வரை சேர்க்கலாம் என்று அது ஆசை காட்டும். சின்னச் செயலி ஒன்றோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். 25 விழுக்காட்டிலிருந்து 30க்கு உயர்ந்ததா என்று ஓரளவு உறுதியாகச் சொல்ல, ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 1,250 பேர் பார்க்க வேண்டும். மொத்தம் 2,500 பேர். நாளைக்கு 60 பேர் என்றால் ஆறு வாரம். 25லிருந்து 27 என்ற சின்ன உயர்வைப் பிடிக்க வேண்டுமானால் ஒவ்வொரு பக்கமும் 7,500 பேருக்கு மேல் வேண்டும். எட்டு மாதத்துக்கு மேல் ஆகும். பொத்தானின் நிறம், பின்னணியின் சாயல் போன்றவற்றைச் சோதிக்கும் வசதி இந்த அளவுள்ள செயலிக்கு இல்லை. முகப்புத் திரைக்கு எதிராக `der, die, das` பாடம், ஆங்கில வாசகத்துக்கு எதிராகத் தமிழ் வாசகம் என்று, வித்தியாசம் பெரிதாக இருக்கக்கூடியவற்றை மட்டும் சோதியுங்கள். நான்காம் நாளே ஒரு பக்கம் முன்னே நிற்பதைப் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்கள் செவ்வாய்க்கிழமை வருகிறவர்களைப் போல நடந்துகொள்வதில்லை.

சோதனையை அமைக்கும்போது எதை அளவுகோலாக வைப்பது என்று கேட்கும். `Retained first-time installers` என்பதைத் தேர்ந்தெடுங்கள்: முதன்முறை நிறுவி, குறைந்தது ஒரு நாளாவது நீக்காமல் வைத்திருந்தவர்கள். சிரிக்கும் செவிலியர் படம் நிறுவலில் ஜெயித்து இந்தக் கணக்கில் தோற்றால், அந்தப் படம் உங்களுக்கு நட்டமே.

ஐபோனுக்கும் செயலி வந்தால் கணக்கு கொஞ்சம் மாறும். ஆப்பிளின் ஸ்டோரில் பெயருக்கு 30, துணைத் தலைப்புக்கு 30, வெளியே தெரியாத தேடல் சொற்களுக்கு 100 குறிகள். நீள் விளக்கம் தேடலுக்குக் கணக்கில் வராது. தேடல் முடிவுகளிலேயே முதல் மூன்று ஸ்கிரீன்ஷாட்டுகள் தெரிவதால், பக்கத்தைத் திறக்காமலேயே முடிவெடுக்கிறார்கள். அங்கே படத்தின் பங்கு இன்னும் கூடுதல்.

செவிலியர், மாணவர், துணையோடு சேரப் போகிறவர் என்று மூன்று வகையினருக்கும் மூன்று பக்கம் வேண்டாமா என்ற கேள்வி மிஞ்சுகிறது. பிளே ஸ்டோரில் தனிப்பயன் பக்கங்களை 50 வரை உருவாக்க முடியும். ஒவ்வொன்றுக்கும் தனி இணைப்போ, தனி நாடோ கொடுக்கலாம். 60 பேரை மூன்றாகப் பிரித்தால் எந்தப் பக்கத்திலும் எதையும் அளக்க முடியாது, ஆகவே பொதுத் தேடலுக்கு ஒரே பக்கம் போதும். ஆனால் ஒரு செவிலியர் கல்லூரியின் வாட்ஸ்அப் குழுவுக்கு இணைப்பு அனுப்பப் போகிறீர்கள் என்றால், அந்த இணைப்புக்கு மட்டும் தனிப் பக்கம் செய்வது ஒரு மாலை வேலைதான். முதல் படம் அதே `der, die, das`. இரண்டாவதாக, செயலியில் இருந்தால், உடல் உறுப்புகளின் பெயர்ப் பாடம். சுருக்க விளக்கத்தில் இது ஏ1 வரைதான் என்று எழுதிவிடுங்கள். பி2 தேவைப்படுகிறவர்களுக்கு அது தொடக்கம் மட்டுமே என்பது நிறுவுவதற்கு முன்பே தெரிந்திருக்கும்.